தரம் 5 பிள்ளைகளுக்கு யூடியூப் சனல்: வீடியோ போட முதல் செய்த செட்டிங்ஸ், பாவிச்சுப் பாத்த பிறகு

வெள்ளவத்தையில இருந்து நானும் அக்காவும் புலமைப்பரிசில் கணக்கு சொல்லிக் குடுக்கிற சனல் ஒண்டு நடத்துறம், அக்கா ரீச்சர், கமரா, எடிட்டிங், செட்டிங்ஸ் எல்லாம் என்ட வேலை. முதல் வீடியோவுக்கு முன்னமே செய்து வச்சதுகள்ல எது இண்டைக்கும் உதவுது எண்டு எழுதுறன், புதுசா தொடங்கிற ஆக்களுக்கு உதவும்.

பேர்ல "தரம் 5" எண்ட சொல்லைப் போடுவம் எண்டு அக்கா ஆசைப்பட்டா, நான் வேணாம் எண்டுட்டன். பேரை பிறகு மாத்தலாம், 14 நாளைக்குள்ள ரெண்டு தடவை வரைக்கும் விடுவான், ஆனா ஆக்கள் வாயில பழகின பேரை ஏன் மாத்துவான். இப்ப தரம் 4க்கும் வீடியோ போடுறம், பேர் அப்பிடியே பொருந்துது.

பேர் ரெண்டு சனலுக்கு ஒண்டா இருக்கலாம், ஹேண்டில் அப்பிடி இல்ல, உலகத்திலயே ஒராளுக்குத்தான். 3 எழுத்தில இருந்து 30 எழுத்து வரைக்கும் வைக்கலாம். அம்மாமார் ஃபோன்ல கேட்டுத்தான் டைப் பண்ணுவினம், அதால "கணக்கு" எண்டு வைக்கப் போனா `kanakku` வா `kanaku` வா எண்டு ஒவ்வொருத்தருக்கும் சொல்ல வேண்டி வரும். ழ வாற சொல் இன்னும் மோசம், `zh` ஆ `l` ஆ எண்டு ஆளுக்கொரு மாதிரி. ஒரே விதமா மட்டும் எழுதக்கூடிய சின்னச் சொல்லாப் பாத்து எடுத்தம், நடுவில அண்டர்ஸ்கோர், புள்ளி ஒண்டும் போடேல்ல.

பேனரை 2048க்கு 1152 பிக்சல் அளவில செய்தன், 6 எம்பிக்குள்ள இருக்கோணும். டிவியில முழுப்படமும் தெரியும், கொம்பியூட்டர்லயும் ஃபோன்லயும் நடுவில ஒரு பட்டிதான் தெரியும், அதால எழுத்தெல்லாம் நடு 1235க்கு 338க்குள்ள அடங்கோணும். காலி ரோட்டுச் சுவர்ல ஒட்டின ரியூஷன் போஸ்டர் மாதிரி பட்டம், ஃபோன் நம்பர், வகுப்பு நேரம் எண்டு அடைச்சா ஃபோன்ல பாதி வெட்டுப்படும். நாங்க போட்டது ஒரே வரி, நல்ல தடிச்ச எழுத்தில. டிஸ்கிரிப்ஷனுக்கு 1000 எழுத்து இடம் இருந்தாலும் முதல் வரிதான் சனல் பக்கத்தில கண்ணுக்குப் படும், அதில எந்தத் தரம், எந்தப் பாடம் எண்டு நேராச் சொன்னாக் காணும்.

எல்லாத்தையும் விட கூட யோசிச்சது "Made for kids" எண்ட இடம், Settings, Channel, Advanced settings எண்டு போனா இருக்கும். பத்து வயசுப் பிள்ளைக்கு எண்டே எடுக்கிற வீடியோ சிறுவர் வீடியோதான், அதில மழுப்ப ஏலாது. ஆனா அப்பிடிக் குறிச்சா அந்த வீடியோவுக்கு கொமெண்ட் இல்ல, கடைசியில அடுத்த வீடியோவைக் காட்டிற எண்ட் ஸ்கிரீனும் இல்ல, ஆளைப் பாத்துப் போடுற விளம்பரமும் வராது, அதால வருமானமும் குறையும். முழுச் சனலையும் அப்பிடிக் குறிச்சா மணி அடிக்கிற நோட்டிஃபிகேஷனும் போயிடும். அதால சனலுக்கு ஒரு முடிவும் எடுக்காம ஒவ்வொரு வீடியோவுக்கும் தனித்தனியா தெரிவு செய்யிறதை வச்சம். பின்னக் கணக்கை அக்கா மாம்பழம் வெட்டி விளங்கப்படுத்திற வீடியோ பிள்ளைகளுக்கு, அதை Yes எண்டு குறிப்பம். பாஸ்ட் பேப்பரை வீட்டில எப்பிடி நேரம் வச்சுச் செய்விக்கிறது எண்டு அம்மா அப்பாவோட கதைக்கிற வீடியோ பெரியாக்களுக்கு, அதில No. பிள்ளைகளின்ட வீடியோவில வாற சந்தேகத்தையும் அவை அங்க வந்துதான் கேக்கினம். கொமெண்ட் வேணுமெண்டதுக்காக பிள்ளைகளின்ட வீடியோவை No எண்டு போடுறது சரியில்ல, யூடியூப் தானே பாத்து மாத்தவும் ஏலும்.

ஃபோன் வெரிஃபிகேஷனை முதல் நாளே youtube.com/verify இல செய்யுங்கோ. அது இல்லாட்டி 15 நிமிசத்துக்கு மேல வீடியோ ஏறாது, சொந்த தம்ப்நெயிலும் போட ஏலாது, ஒரு முழுப் பேப்பரை விளங்கப்படுத்த 15 நிமிசம் எங்க காணும்? லைவும் யோசினை இருந்தா, முதல் தடவை அதைத் திறந்து விட 24 மணித்தியாலம் வரைக்கும் எடுக்கும், நாளைக்குச் சோதினை எண்டு இண்டைக்கு இரவு தொடங்க ஏலாது. மட்டக்களப்பில இருக்கிற மச்சான் தம்ப்நெயில் செய்து தாறவர், அவருக்கு பாஸ்வேர்ட் குடுக்காம Permissions இல எடிட்டரா சேர்த்தம், சனலை அழிக்கிறதோ வேற ஆளைச் சேர்க்கிறதோ அவரால ஏலாது.

கடைசியா Upload defaults. விசிபிலிட்டியை Private எண்டு வச்சம், அக்கா ஒருக்கா முழுசாப் பாத்து விடை சரி எண்ட பிறகுதான் வெளியில விடுறம், கூடவே கற்றகரி Education, மொழி தமிழ், டிஸ்கிரிப்ஷன் அடியில வாற வழக்கமான வரிகள். இது கொம்பியூட்டர் பிரவுசரால ஏத்தினா மட்டும்தான் வேலை செய்யும், ஃபோன் அப்பால ஏத்தினா ஒண்டும் வராது, அப்ப Private உட்பட எல்லாத்தையும் கையாலதான் வைக்கோணும்.