மயிலாப்பூர் கோபுரம்: கையால் எல்ஓடியா, மெஷ்லெட்டா?

கபாலீசுவரர் கோயில் கிழக்குக் கோபுரத்தை ஸ்கேன் செய்து கேமுக்குள் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சுதைச் சிற்பங்களோடு 2 கோடி முக்கோணங்கள்.

பழைய வழியில், தூரத்துக்கேற்ப விவரம் குறைந்துகொண்டே போகும் எல்ஓடி 0 முதல் 3 வரை நான்கு பிரதிகள் செய்வோம். தூரம் கூடினால் முழு மாடலும் ‘டக்’கென்று மாறும். அதைவிடத் தொல்லை, கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான். அடித்தளம் கையெட்டும் தூரம், கலசமோ நூறடிக்கு மேலே. ஒரு மாடலுக்கு ஒரு நேரத்தில் ஒரே நிலை என்பதால் கலசமும் முழு விவரத்தோடு வரையப்படும். தப்பிக்க, கோபுரத்தை அடுக்கடுக்காக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி எல்ஓடி செய்ய வேண்டும். யாருக்குப் பொறுமை?

அன்ரியல் 5 கேம் எஞ்சினின் நானைட் வசதி இந்த வெட்டும் வேலையை இறக்குமதியின்போதே தானாகச் செய்துவிடுகிறது. முக்கோண வலையான மெஷ்ஷை, 128 முக்கோணங்கள் வரை கொண்ட மெஷ்லெட்டுகள் எனும் சிறு துண்டுகளாக உடைக்கும். பக்கத்து மெஷ்லெட்டுகள் சிலவற்றைக் குழுவாக்கி, வெளிவிளிம்பைப் பூட்டிவிட்டு, உள்ளே முக்கோணங்களைப் பாதியாக்கி, மறுபடி மெஷ்லெட்டுகளாக வெட்டும். விளிம்பு அசையாததால் விரிசல் விழாது. அடுத்த சுற்றில் குழுக்களின் எல்லை மாறும். முன்பு பூட்டிய விளிம்பு இப்போது உள்ளே வந்து அதுவும் எளிமையாகும்.

ஒவ்வொரு குழுவையும் இப்படி எளிமையாக்கியதில் வந்த பிழை திரையில் ஒரு பிக்சலுக்குள் அடங்கினால் அந்த எளிய வடிவமே போதும். ஆக, ஒரே பிரேமில் அடித்தளம் நுணுக்கமாகவும் கலசம் எளிமையாகவும் வரும்.

கோபுரத்துக்கு எனக்கு மெஷ்லெட்தான். தெருவோர வேப்பமரத்துக்கு யோசிப்பேன்: தனித்தனி இலைகளை எளிமையாக்கினால் பரப்பு குறைந்து, தூரத்தில் மரம் மொட்டையாகத் தெரியும்.