கீலைப் படம் எடுப்பதா, கீல் இருந்த துளையைப் படம் எடுப்பதா?

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சமையலறை அலமாரிக் கதவுகளின் கீல்கள் துருப்பிடித்து இற்றுவிட்டன. டர்பன் கடற்காற்றுக்கு மட்டமான முலாம் தாங்குவதில்லை. அதே மாதிரி கீல் வாங்கித் தர ஆசாரிக்குப் படம் வேண்டும். மூன்று வழி இருந்தது: மாட்டியிருக்கும் கீலை அப்படியே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது, கழற்றிக் கடைக்கே கொண்டுபோவது, கழற்றிவிட்டுக் கதவில் இருக்கும் துளைகளை ஸ்கேலோடு படம் எடுப்பது. நான் மூன்றாவதைத்தான் செய்தேன், அதையே சொல்லவும் செய்வேன்.

முதல் வழி எளிது, பயன் குறைவு. கதவுக்குள் கிண்ணம் புதைந்திருக்கும் கீல்கள் பெரும்பாலும் 35 மி.மீ. கிண்ணம் கொண்டவை, முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். கிண்ணத்திலிருந்து அலமாரிப் பக்கம் நீளும் கீலின் கையில் கம்பெனி முத்திரை தெரிந்தால் நல்லது. எங்கள் கீல்களில் துரு அதைத் தின்றுவிட்டது.

கீல்களைப் பிரித்துக் காட்டுவது கிண்ணத்தை ஒட்டிய இரண்டு திருகுகள்தான். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் ஒரு எண். கிண்ண மையத்திலிருந்து திருகு வரிசை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது இன்னொரு எண். ப்ளூம் கம்பெனியின் வழக்கமான கீலில் இவை 45, 9.5 மி.மீ. ஹெட்டிக் கம்பெனியில் பரவலாக 52, 5.5. வேறு பலர் 48, 6 வைத்துச் செய்கிறார்கள். இந்த இரண்டு எண்ணும் பொருந்தினால் பழைய துளையிலேயே புதுக் கீல் உட்காரும். கம்பெனி வேறாக இருந்தாலும் பரவாயில்லை.

கழற்றிய கீலை மேசையில் வைத்துப் பக்கத்தில் ஸ்கேல் போட்டால் போதாதா? இங்கேதான் படம் ஏமாற்றும். கிண்ணம் கீழே இருக்க, திருகுத் துளை உள்ள தகடு மேசையிலிருந்து சுமார் 12 மி.மீ. உயரத்தில் நிற்கும், ஸ்கேலோ மேசையில் கிடக்கும். போனை 25 செ.மீ. தூரத்தில் பிடித்தால், கேமராவுக்கு அருகில் இருக்கும் தகடு ஏறக்குறைய 5 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். 45 மி.மீ. படத்தில் 47-ஐத் தாண்டிவிடும். பார்க்கிறவர் "48 தானே" என்று முடிவுகட்டி வாங்கி வந்தால் திருகு துளையில் விழாது. ஒரு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் பிழை அரை மி.மீ. அளவுக்குச் சுருங்கும்.

கதவுத் துளைகளில் இந்தத் தொல்லையே கிடையாது. கிண்ணக்குழியின் விளிம்பும் இரண்டு திருகுத் துளைகளும் ஒரே சமதளம். எஃகு ஸ்கேலை அதே பலகைமேல் படுக்கவைத்து, போனை நேர் மேலே பிடித்து எடுத்தேன். 45, 9.5 தெளிவாக வந்தது. "இதைப் பாத்தே வாங்கிடலாம் அண்ணா, இனி கை வளைவு மட்டும் சொல்லுங்க" என்றார் ஆசாரி.

அவர் கேட்டது சரியான கேள்வி. துளைப்படம் அதைச் சொல்லாது. இங்கே அலமாரிப் பலகை பெரும்பாலும் 16 மி.மீ. கதவை மூடி, பக்கப்பலகையின் முன்விளிம்பில் பென்சில் கோடு போட்டுப் பார்த்தேன். ஓரத்து அலமாரியில் கதவு 15 மி.மீ. மூடியது; அதற்கு நேரான கை. நடுப்பலகையை இரண்டு கதவுகள் பங்குபோட்டு ஆளுக்கு 7 மி.மீ. மூடின, அதற்கு வளைந்த கை. பலகைக்கு உள்ளே அடங்கி நிற்கும் கதவாக இருந்தால் வளைவு இன்னும் அதிகம். ஒரே சமையலறையில் இரண்டு வகை இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு கதவின் கீலையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, எந்தக் கதவு என்று எழுதி அனுப்ப வேண்டும்.

கழற்றிக் கொண்டுபோவதில் ஒரு நன்மை உண்டு. அலமாரிக்குள் திருகிய அடித்தகட்டை மாற்றாமல் விடுவதானால் புதுக் கீல் அதில் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்க்கலாம். ஒரு கம்பெனித் தகட்டில் இன்னொன்றின் கை பொதுவாக ஏறாது. நான் தகட்டையும் சேர்த்தே மாற்றிவிட்டேன். முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ., துளைக்குத் துளை 32 மி.மீ. என்பது பொது அளவு, அதனால் பழைய துளைகளே போதுமாக இருந்தன.

டிராயர் ஸ்லைடில் என் அனுபவம் கொஞ்சம்தான். பக்கவாட்டில் பொருத்தும் பால்பேரிங் ஸ்லைடானால் மூடிய நீளமும், 45 மி.மீ. போன்ற உயரமும் படத்தில் வந்தால் போதும். டிராயருக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்லைடைக் கழற்றியே கொண்டுபோவேன்.

கைப்பிடிக்கு வெளிப்பக்கப் படம் அழகைக் காட்டும், அளவைக் காட்டாது. கதவின் உட்பக்கம் இரண்டு திருகுத் தலைகளின்மேல் ஸ்கேலை வைத்து, மையத்திலிருந்து மையம் எடுங்கள்: 96, 128, 160 என்று வரும். 76 வந்தால் அது பழைய மூன்று அங்குலக் கைப்பிடி. 96-ஐ வாங்கினால் கதவில் புதுத் துளை போட வேண்டியிருக்கும்.