ஓங்கிலா, கடற்பன்றியா, குட்டித் திமிங்கிலமா? முதுகைப் பாருங்கள்

சேலம் குகைப் பகுதியிலிருந்து ராமேஸ்வரம் போய்வந்த அத்தை மகன், படகிலிருந்து எடுத்த போட்டோவை ஏற்காட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது காட்டினான். பாதிப் பேர் டால்பின் என்றார்கள், மாமா குட்டித் திமிங்கிலம் என்றார். தெரிந்தது சாம்பல் நிற முதுகு மட்டும்தான், ஆனால் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

முதுகுத் துடுப்பு
ஓங்கில் (டால்பின்): நடு முதுகில், பெரும்பாலும் அரிவாள் போலப் பின்னோக்கி வளைந்திருக்கும்.
கடற்பன்றி: நம் கரையோரம் இருக்கும் இனத்துக்குத் துடுப்பே இல்லை, மெல்லிய வரப்பு மட்டும்.
பைலட் திமிங்கிலம் என்ற சிறிய வகைத் திமிங்கிலம்: அடி அகன்ற துடுப்பு, நடுவைவிடத் தலைப்பக்கம் தள்ளி.

தலை
ஓங்கிலுக்குப் பெரும்பாலும் நீண்ட மூக்கு, மற்ற இரண்டுக்கும் உருண்டை முகம்.

அளவை மட்டும் நம்பாதீர்கள், பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லாத கடலில் இரண்டு மீட்டரும் நான்கு மீட்டரும் போட்டோவில் ஒன்றுபோலவே தெரியும்.

இன்னொரு சிக்கல், ஓங்கில் மூச்சுவிட வரும்போது முதலில் தலைதான் எழும், துடுப்பு அப்புறம்தான் வரும், அதனால் ஒரே படத்தை வைத்துத் துடுப்பு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. அவன் தொடர்ந்து ஐந்து படம் எடுத்திருந்தான். முதுகு முழுசாக வளைந்து இறங்கும் படத்திலும் துடுப்பு இல்லை. அப்படியானால் ஓங்கிலும் இல்லை, பைலட் திமிங்கிலமும் இல்லை. பாக் நீரிணையில் ஆவுளியா என்ற கடற்பசுவுக்கும் முதுகுத் துடுப்பு கிடையாது, ஆனால் அதன் மூக்குத் துளைகள் தடித்த முகத்தின் நுனியில் இருக்கும். இதில் உச்சந்தலையிலிருந்து மூச்சு பீறிட்டது தெளிவாகத் தெரிந்தது.

கடற்பன்றிதான்.