வாசிப்பில் தொடங்குவதா, இலக்கியத்தில் தொடங்குவதா: சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளின் நேரப் பங்கீடு

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளை எந்த வரிசையில் எழுதுவது என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே கருத்து ஒற்றுமை கிடையாது. வினாத்தாளில் அச்சிட்டுள்ள வரிசைப்படியே எழுதச் சொல்பவர்கள் உண்டு. பாதி மதிப்பெண் இலக்கியத்தில் இருப்பதால் அதை முதலில் முடிக்கச் சொல்பவர்களும் உண்டு. இலக்கணத்தில் தொடங்கினால் கை பழகிவிடும் என்று ட்யூஷன்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். மூன்று வழிகளிலும் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்கள் இருப்பதால், மாணவரின் இயல்பைப் பொறுத்தது என்று சொல்லி இந்தக் கேள்வியை எளிதில் முடித்துவிடலாம். ஆனால் எந்த வழி எங்கே நேரத்தை இழக்கிறது என்று பார்த்தால், மூன்றும் சமமானவை அல்ல என்பது தெரியும்.

தாளின் அமைப்பை முதலில் நினைவில் கொள்வோம். மொத்தம் 80 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் பிரிவான வாசிப்பில் இரண்டு பத்திகள், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். முதல் பத்தி ஏறத்தாழ 400 முதல் 450 சொற்கள் கொண்டது. இரண்டாவது அதில் பாதி அளவுதான் என்றாலும் வரைபடமோ அட்டவணையோ சேர்ந்து வரும். இரண்டாம் பிரிவில் இலக்கணத்துக்கு 10 மதிப்பெண். பன்னிரண்டு கேட்டுப் பத்துக்கு விடை எழுதச் சொல்வார்கள். அதே பிரிவில் முறைசார் கடிதத்துக்கு 5, அனலிடிகல் பாராகிராஃபுக்கு 5. இரண்டும் 100 முதல் 120 சொற்களுக்குள். மூன்றாம் பிரிவான இலக்கியத்துக்கு 40 மதிப்பெண். அதில் பாடப்பகுதியைக் கொடுத்துக் கேட்கும் ஐந்து மதிப்பெண் வினாக்கள் இரண்டு, மூன்று மதிப்பெண் குறுவினாக்கள் ஆறு, ஆறு மதிப்பெண் நெடுவினாக்கள் இரண்டு.

மூன்று மணி நேரத்தில் சரிபார்ப்புக்கு 15 நிமிடத்தை ஒதுக்கிவிட்டால் மீதி 165 நிமிடம், அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். எல்லாப் பகுதிக்கும் இதே விகிதத்தைப் பொருத்துவதுதான் பலர் செய்யும் தவறு. இலக்கணத்தில் ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம் போதும். தெரிந்தால் உடனே தெரியும், தெரியாவிட்டால் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலும் தெரியாது. ஆறு மதிப்பெண் விடைக்கோ யோசிக்கவும் எழுதவுமாக முழுதாகப் பதினைந்து நிமிடம் வேண்டும். வாசிப்புப் பகுதி இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது கொடுத்த நேரத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும். நான்கு தெரிவுகளில் இரண்டு பொருந்துவது போலத் தோன்றினால், ஒரே ஒரு மதிப்பெண்ணுக்காகப் பத்தியை மூன்றாவது முறையும் படிக்கத் தூண்டும்.

அச்சிட்ட வரிசைக்குச் சாதகமான வலுவான காரணம் தேர்வு தொடங்கும் முன்பே இருக்கிறது. வினாத்தாள் 10:15 மணிக்குக் கொடுக்கப்படுகிறது. 10:30 வரை விடைத்தாளில் எதுவும் எழுதக்கூடாது, படிக்க மட்டுமே அனுமதி. இந்தப் பதினைந்து நிமிடத்தில் இரண்டு பத்திகளையும் அவற்றின் வினாக்களையும் ஒருமுறை நிதானமாகப் படித்துவிட முடியும். உடனே வாசிப்பிலேயே எழுதத் தொடங்கினால், அந்த வாசிப்பு மனத்தில் சூடாக இருக்கும்போதே விடையாக மாறிவிடும். அப்போது 20 மதிப்பெண்ணுக்கு 40 நிமிடம் தாராளம். இலக்கணத்துக்கு 15, கடிதத்துக்கும் பாராகிராஃபுக்கும் சேர்த்து 30 என்று வைத்தால், 11:55க்கு இலக்கியம் தொடங்கும். பாடப்பகுதி வினாக்களுக்கு ஒன்பது ஒன்பது நிமிடம், குறுவினாவுக்கு ஐந்தைந்து நிமிடம், நெடுவினாவுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் மொத்தம் 78 நிமிடம். 1:15க்குள் முடித்து, 1:30 வரை சரிபார்க்கலாம்.

இந்தத் திட்டம் தவறினால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகிறது. பயிற்சித் தேர்வுகளில் ஒவ்வொரு பகுதியையும் முடிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் நேரத்தைக் குறிக்கச் சொல்வது என் வழக்கம். அப்படிக் குறித்த ஒரு ப்ரீ-போர்டு விடைத்தாளில், வாசிப்பு 11:10க்குப் பதிலாக 11:32க்கு முடிந்திருந்தது. இலக்கணத்தில் தாமதமில்லை, 11:47. கடிதமும் பாராகிராஃபும் 12:20க்கு முடிந்தன. பாடப்பகுதியும் குறுவினாக்களும் 1:08 வரை போயின, முதல் நெடுவினா 1:24 வரை. கடைசி நெடுவினாவுக்கு ஆறு நிமிடம்தான் மிச்சம். 'தி நெக்லஸ்' கதையில் மெட்டில்டாவின் துன்பத்துக்கு அவளே காரணமா என்பது வினா. அந்த மாணவி விருந்து, இரவல் நகை, அது தொலைந்தது, கடன் என்று கதையை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, தன் கருத்தைத் தொடங்க வேண்டிய இடத்தில் நேரம் முடிந்து நின்றுவிட்டாள். அவளுக்குக் கதை தெரியாமல் இல்லை. வினா கேட்டதுதான் விடையில் இடம்பெறவில்லை.

அதே தாளின் முதல் பக்கத்தில் அந்த 22 நிமிடம் எங்கே போனது என்பதற்கும் அடையாளம் இருந்தது. இரண்டு தெரிவு வினாக்களின் விடையை அடித்து, மாற்றி, மறுபடியும் பழைய விடையையே எழுதியிருந்தாள். சரிபார்ப்புக்கு நேரமே மிஞ்சாததால் இலக்கணத்தில் ஒரு வினா எண் தவறாகவே போயிற்று. ஆகவே அச்சிட்ட வரிசையின் ஆபத்து வரிசையில் இல்லை. முதல் பகுதிக்கு எல்லை வகுக்காமல் விடுவதில்தான் இருக்கிறது. 11:10 ஆனதும், விடை தெரியாத வினாவுக்கு அப்போதைக்குச் சரியெனத் தோன்றும் தெரிவை எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு இந்த வரிசை உதவாது.

இலக்கியத்தை முதலில் எழுதும் வழி இந்த ஆபத்தைத் தலைகீழாக்குகிறது. 10:30க்குத் தொடங்கினால் 11:50க்குள் 40 மதிப்பெண் கைக்கு வந்துவிடும். படித்தது மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்ற நிம்மதி உண்மையானது. மெதுவாக எழுதுபவர்களுக்கு, கை களைக்கும் முன்பே நீண்ட விடைகள் முடிந்துவிடுவது இன்னும் பெரிய ஆதாயம். இறுதியில் நேரம் போதாவிட்டால் தெரிவு வினாக்களுக்கு எழுத்தை மட்டுமாவது குறித்துவிட்டு வரலாம், நெடுவினாவில் அந்த வசதி கிடையாது என்ற வாதமும் நியாயமானதே.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 10:15 முதல் 10:30 வரையான வாசிப்பு நேரத்தை இந்த வழியில் பத்திகளுக்குச் செலவிட்டால் அது வீண்; 12:35க்கு அவற்றுக்குத் திரும்பும்போது மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். எனவே அந்த நேரத்தை இலக்கியத்தில் எந்த வினாவைச் சாய்ஸில் விடுவது என்று முடிவு செய்யத்தான் பயன்படுத்த வேண்டும். பாடப்பகுதி வினா ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்று, ஃபர்ஸ்ட் ஃப்ளைட் குறுவினாக்களில் ஐந்தில் நான்கு, ஃபுட்பிரின்ட்ஸ் குறுவினாக்களில் மூன்றில் இரண்டு என்று தெரிவுகள் பல இருப்பதால் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு வேலை இருக்கிறது. எனினும் வாசிப்புக்கு 45 நிமிடமாவது ஒதுக்க வேண்டும். கடிதம், பாராகிராஃபுக்கு 30, இலக்கணத்துக்கு 15 போனால் சரிபார்ப்புக்குப் பத்து நிமிடம்தான் மிஞ்சும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: பத்தியின் உட்பொருளைக் கேட்கும் வினாவுக்குத் தெளிந்த மனம் வேண்டும். இரண்டு மணி நேரம் எழுதிக் களைத்த பிறகு, வினாவில் உள்ள 'தவறானது எது' என்பதைச் 'சரியானது எது' என்று படித்துவிடும் மாணவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இலக்கணத்தில் தொடங்கும் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பதினைந்து நிமிடத்தில் பத்து மதிப்பெண் என்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் அதைத் தொடர்ந்து கடிதத்துக்குப் போனால், வாசிப்பு நேரத்தில் படித்த பத்திகள் முக்கால் மணி நேரத்தில் மங்கிவிடுகின்றன. இலக்கியமும் முன்னே வருவதில்லை. மற்ற இரண்டு வழிகளின் ஆதாயங்களில் எதுவும் இதில் முழுமையாகக் கிடைக்காது. அதே சமயம் இலக்கணத்தைக் கடைசிக்குத் தள்ளுவது இதைவிடத் தவறு. நிமிடத்துக்கு அதிக மதிப்பெண் தரும் பகுதி அதுதான். கடைசிப் பத்து நிமிடம் பறிபோனால் ஆறேழு மதிப்பெண் ஒரேயடியாகப் போய்விடும்.

என் முடிவு இது. பெரும்பாலான மாணவர்களுக்கு அச்சிட்ட வரிசையே நல்லது, 11:10 என்ற எல்லையை மீறுவதில்லை என்ற உறுதியோடு. அதிலும் இலக்கியப் பிரிவுக்குள் ஒரு சிறு மாற்றம் செய்யலாம்: இரண்டு நெடுவினாக்களில் நன்றாகத் தெரிந்ததைக் குறுவினாக்களுக்கு முன்பே எழுதிவிடுவது. அப்போது நேரம் நெருங்கினாலும் நெருக்குவது ஒரு மூன்று மதிப்பெண் விடையையும் ஒரு நெடுவினாவையும்தான். அந்தக் கடைசி நெடுவினாவைப் பத்து நிமிடத்துக்கும் குறைவாக எழுத நேர்ந்தால், கருத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, கதையிலிருந்து இரண்டு காரணங்களை அதன் பின் எழுத வேண்டும். மெட்டில்டா வினாவை அந்த மாணவி அப்படித் தொடங்கியிருந்தால், பாதியில் நின்றிருந்தாலும் கேட்டதற்கு விடை இருந்திருக்கும்.

இலக்கியத்தை முதலில் எழுதுவது யாருக்குப் பொருந்தும் என்பதை ப்ரீ-போர்டு விடைத்தாளே காட்டிவிடும். கடைசிப் பக்கங்களில் கையெழுத்து உருக்குலைந்து, நெடுவினா அறுபது எழுபது சொற்களில் நின்றிருந்து, அதே மாணவர் வகுப்புத் தேர்வில் தனியாகக் கேட்டபோது அதே வகை வினாவுக்கு நிறைவாக எழுதியிருந்தால், அவருக்குக் குறை பாடத்தில் இல்லை. கையின் வேகத்தில்தான் இருக்கிறது. அவர் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் வாசிப்பில் 20க்குப் 16க்கு மேல் தொடர்ந்து எடுப்பவராகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலக்கியத்தில் பெற்றதை அங்கே இழப்பார். மாற்றும் வரிசையைக் குறைந்தது இரண்டு முழுத் தாள்களிலாவது கடிகாரத்தை வைத்து எழுதிப் பார்க்காமல் பொதுத்தேர்வில் முயலக்கூடாது. வரிசையை மாற்றுபவர்கள் வினா எண்ணையும் உட்பிரிவையும் தாளில் உள்ளபடியே எழுத வேண்டும். ஒரு பிரிவைப் பாதியில் விட்டு வேறு பிரிவுக்குத் தாவாமல், எடுத்த பிரிவை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். சரிபார்ப்பு நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியதும் இந்த எண்களைத்தான். அதன் பிறகு கடிதத்தின் தேதி, பொருள், பெறுநர் முகவரி ஆகியவற்றையும், மிஞ்சும் நேரத்தில் இலக்கண விடைகளின் எழுத்துப் பிழைகளையும் பார்க்கலாம்.