ரஷ்ய ё: புள்ளி வைப்பதா, விடுவதா?

ரஷ்ய மொழியில் 'யோ' ஒலிக்கான ё எழுத்தின் மேலுள்ள இரண்டு புள்ளிகளை விட்டுவிட்டு, 'யெ' ஒலிக்கான е என்று அச்சிடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். 1956 எழுத்து விதிகளே பொதுவான அச்சுக்கு அப்படி இடம் கொடுத்துவிட்டன, ரஷ்யர்களுக்கோ சூழலைப் பார்த்தாலே உச்சரிப்பு தெரிந்துவிடும்.

சொற்களுக்குச் சரி, பெயரென்றால் வம்புதான். Горбачёв-ஐ அங்கே 'கர்பச்சோஃப்' என்பார்கள், புள்ளி போன வடிவம் வெளியே வந்து 'கோர்பச்சேவ்' ஆகிவிட்டது.

தட்டச்சுக்கு е வசதி. ஆனால் கணினிக்கு ё, е இரண்டும் U+0451, U+0435 என்ற தனித்தனிக் குறியீடுள்ள வெவ்வேறு எழுத்துகள், அதனால் எழுத்துக்கெழுத்து ஒப்பிடும் தரவுத்தளத்தில் Королев என்ற பெயரைத் தேடினால் Королёв சிக்காது. கூகுள், யாண்டெக்ஸ் போன்ற தேடுபொறிகள் பொதுவாகச் சமாளித்துவிடும்.

என் கட்சி: புள்ளியோடு சேமியுங்கள், தேடும்போது மட்டும் இருபக்கமும் е ஆக்கி ஒப்பிடுங்கள். தலைகீழாக, е ஆக்கியே சேமித்தால், எந்தப் பெயரில் புள்ளி இருந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாதே!