ஜாடியை எடுத்து ஓராண்டு ஆச்சு: ஒரு மசாலாத்தூள் பொட்டலத்தின் புதுத் தோற்றத்தை அளந்த அனுபவம்

பினாங்கில் ஒரு சிறிய மசாலாத்தூள் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். முப்பது வருஷமாக எங்கள் பொட்டலத்தின் நடுவில் ஒரு ஊறுகாய் ஜாடிப் படம் இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது இல்லை. பெயர் மட்டும் பெரிய எழுத்தில், பின்புலம் அடர் மஞ்சள். வேனுக்கும் சட்டைக்கும் பில் புத்தகத்துக்கும் அதே தோற்றம்தான்.

அன்றிலிருந்து ஆளுக்கொரு கருத்து. முதலாளிக்கு மனசே ஒப்பவில்லை. அவர் மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாண வீட்டில் பார்க்கிறவர்கள்கூட, "என்னம்மா, பழைய கம்பெனியை வித்துட்டீங்களா?" என்றார்கள். ஒரு வருஷம் கழித்து, "சரி, நீயே கணக்குப் போட்டுச் சொல்லு" என்று என் தலையில் கட்டினார்கள்.

முதலில் விற்பனை. 2023 நவம்பரிலிருந்து 2024 அக்டோபர் வரை பில் போட்டது 1.42 மில்லியன் வெள்ளி. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் 1.31 மில்லியன். "எட்டு விழுக்காடு போச்சு, நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் முதலாளி. நானும் ஒரு நாள் முழுக்க அதையே நம்பினேன். மறுநாள் காலண்டரைப் புரட்டும்போதுதான் பொறி தட்டியது. தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. எங்கள் வியாபாரத்தில் தீபாவளிக்கு முந்தைய ஐந்தாறு வாரம் ஒரு தனி உலகம். நான் எடுத்த பழைய வருஷத்தில் 2024 தீபாவளி முழுசாக இருந்தது. அதோடு 2023 தீபாவளியின் வாலும் ஒட்டியிருந்தது. புது வருஷத்தில் இருந்தது ஒரே தீபாவளி.

ஆகவே மாதக் கணக்கை விட்டுவிட்டு, தீபாவளிக்கு மறுநாளிலிருந்து அடுத்த தீபாவளி வரை எண்ணினேன். இரண்டு பக்கமும் சரியாக 354 நாள் வந்தது. சரிவு மூன்று விழுக்காடாகச் சுருங்கியது. தம்பி (முதலாளியின் மகனை அப்படித்தான் கூப்பிடுவோம்) துள்ளிக் குதித்தார். நான் குதிக்கவில்லை. மூன்று விழுக்காடு பொட்டலத்தால் போனதா, சந்தையே மந்தமாக இருந்ததா என்பது இந்த எண்ணில் தெரியாது.

அதற்கு விடை எதிர்பாராமல் கிடைத்தது. பழைய பைகள் நிறைய மிச்சம் இருந்ததால், பினாங்குத் தீவுக்கு மட்டும் நவம்பரிலேயே புதுசை அனுப்பினோம். கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கிற பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜத்துக்குப் பிப்ரவரி முடியும்வரை ஜாடிதான் போனது. சிக்கனத்துக்காகச் செய்தது ஒரு சோதனையாகவே அமைந்துவிட்டது. இங்கே பில் கணக்கு உதவாது. புது பொட்டலம் வந்ததும் கடைக்காரர்கள் அலமாரியை நிரப்பக் கூடுதலாக வாங்குவார்கள். அது வீட்டுக்குப் போன விற்பனை ஆகாது. அதனால் கணக்குக் கொடுக்கச் சம்மதித்த இருபத்திரண்டு கடைகளில், கடையிலிருந்து வெளியே போன பொட்டலங்களை எண்ணினேன். தீபாவளி முடிந்த முதல் பதினேழு வாரத்தை முந்தைய வருஷத்தின் அதே பதினேழு வாரத்தோடு வைத்துப் பார்த்ததில் தீவில் ஆறு விழுக்காடு குறைவு, அந்தப் பக்கம் இரண்டு. ஆக, பொட்டலத்தின் தலையில் போடக்கூடியது நான்கு விழுக்காடு. மார்ச்சில் அந்தப் பக்கமும் புதுசு போனதும் அங்கேயும் அதே அளவு சரிந்து, ஜூன் வாக்கில் மீண்டது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்ததால்தான் இதை நம்புகிறேன். இருபத்திரண்டு கடை என்பது சின்ன எண்ணிக்கை, நான்கை மூன்று என்றோ ஐந்து என்றோ வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மளிகைக் கடைகளில் சரிவே இல்லை. விழுந்ததெல்லாம் சூப்பர்மார்க்கெட்டில்.

ஏன் என்பதை ஞாபகக் கணக்கு சொன்னது. மாற்றத்துக்கு முன்பே, 2024 அக்டோபரில், ஜெலுத்தோங் பாசார், லெபோ பாசார், புக்கிட் மெர்தாஜம் மூன்று இடத்திலும் 120 பேரிடம் கேட்டு வைத்திருந்தோம். (முதல் நாள் கேட்ட முப்பது பேரின் பதிலைக் குப்பையில் போட்டோம். கேட்கப் போன பையன் கம்பெனி சட்டையிலேயே போய் நின்றிருக்கிறான்!) முதல் கேள்வி, எதையும் காட்டாமல்: "மசாலாத்தூள்னா உங்களுக்கு எந்தப் பேரு ஞாபகம் வருது?" அதன் பிறகுதான் பெயரை மறைத்த பொட்டலத்தைக் காட்டி, "இது யாருது?" வரிசை மாறினால் முதல் பதிலே கெட்டுவிடும்.

முதல் கேள்விக்கு அன்று எங்களைச் சொன்னவர்கள் 41 பேர், ஒரு வருஷம் கழித்து 38. இதை வைத்து அழவும் வேண்டாம். 120 பேரிடம் கேட்டால் பத்துப் பேர் இப்படி அப்படிப் போவது சாதாரணம். இரண்டாவது கேள்விதான் பலமாக அடித்தது. அன்று ஜாடியைப் பார்த்து அடையாளம் சொன்னவர்கள் 88 பேர். இன்று மஞ்சள் பொட்டலத்தைப் பார்த்துச் சொன்னவர்கள் 51. பெயர் மறக்கவில்லை, முகம் மறந்துவிட்டது. மளிகைக் கடையில் "ஜாடித்தூள் கொடுங்கண்ணே" என்றால் அண்ணன் எடுத்துக் கொடுத்துவிடுவார். மலாய் வாடிக்கையாளர்கள் இன்றும் "சாப் தெம்பாயான்", அதாவது ஜாடி மார்க் என்றுதான் கேட்கிறார்கள். சூப்பர்மார்க்கெட்டில் எடுத்துக் கொடுக்க யாருமில்லை. கண்தான் தேட வேண்டும்.

அமெரிக்காவில் டிராபிகானா 2009-ல் பழச்சாறு அட்டையை மாற்றி, இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 விழுக்காடு விழுந்து, பழைய அட்டைக்கே திரும்பியதை முதலாளி எங்கேயோ கேட்டுவிட்டு வந்து சொன்னார். ஆனால் ஜூஸ் வாராவாரம் வாங்குகிற பொருள், சேதம் உடனே தெரியும். எங்கள் 250 கிராம் பொட்டலம் ஒரு வீட்டில் மாதக்கணக்கில் ஓடும். மூன்றாம் மாதமே தீர்ப்புச் சொல்லியிருந்தால் சரிவை மட்டும் பார்த்திருப்போம், மீட்சியைப் பார்த்திருக்க மாட்டோம்.

தொழிலாளர் மனநிலைதான் என்னை அதிகம் ஏமாற்றப் பார்த்தது. மொத்தம் 34 பேர். "இங்கே வேலை செய்யப் பிடிக்கிறதா?" என்ற கேள்விக்கு ஐந்துக்கு 3.1 ஆக இருந்தது 3.8 ஆனது. தம்பி அதைச் சுவரில் ஒட்டவே போய்விட்டார். 2025 பிப்ரவரி 1-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500-லிருந்து 1,700 வெள்ளி ஆனதை நான்தான் ஞாபகப்படுத்தினேன். சம்பளப் பட்டியல் என் மேஜையில்தானே இருக்கிறது. ஏறியது முழுக்கப் பாக்கெட் போடுகிறவர்களிடம். வேன் ஓட்டி விற்கிற ஆறு பேரிடம் அரைப்புள்ளி இறங்கியிருந்தது. ஐந்து பேருக்குக் குறைவான பிரிவைத் தனியாகக் காட்டுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம், இல்லையென்றால் யார் என்ன எழுதினார் என்று தெரிந்துபோகும். ஆறு என்பதால் இது தப்பியது.

பொட்டலத்தைப் பற்றி நேராகக் கேட்ட கேள்வி ஒன்றுதான் உருப்படி: "கடைக்காரர் ஏன் மாத்தினீங்கன்னு கேட்டா உங்களால சொல்ல முடியுமா?" ஆறு பேரில் ஐந்து பேர் முடியாது என்று எழுதியிருந்தார்கள். ஒரு காலை அவர்களில் ஒருவரோடு வேனில் போனேன். புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கைக்குப் பின்னால் கிடந்தது. ஒவ்வொரு கடையிலும் இறங்கும்போது, "அதே ஜாடித்தூள்தாண்ணே, பையி மட்டும் வேற" என்றுதான் ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு முப்பது கடை, முப்பது தடவை அதே வாக்கியம்.

கூட்டத்தில் மூன்று கணக்கையும் வைத்தேன். முதலாளி முழுசாகப் பழைய பைக்குத் திரும்பலாம் என்றார். அதற்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை, விற்பனை மீண்டுவிட்டது என்றேன். மஞ்சள் இருக்கட்டும், எழுத்தும் இருக்கட்டும், ஜாடி மட்டும் முன்பக்கம் திரும்பி வரட்டும் என்று முடிவானது. இந்த முறையும் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் அனுப்பப் போவதில்லை. முதலில் பட்டர்வொர்த் பக்கம், தீவுக்கு நான்கு மாதம் கழித்து.

அச்சுக்குப் போன மாதிரிப் பையை அந்த வேன்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூடி கொஞ்சம் கோணலா இருக்கே" என்றார்.