சத்துவாச்சாரியில் வாடகையா, சொந்த வீடா: 20 வருட மாதக் கணக்கு

“வாடகைக்குக் கொடுக்கிற பணத்தை இஎம்ஐயாகக் கட்டினால் வீடாவது மிஞ்சும்” என்று வேலூரில் வீடு தேடுகிற யாரும் கேட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே தொகையாக இருந்தால் சரிதான். ஆனால் அப்படி இருப்பதில்லை.

சத்துவாச்சாரியில் ஒரு வீடு 50 லட்சம், அதே வீட்டுக்கு வாடகை 12,000 என்று வைத்துக்கொள்வோம். 40 லட்சம் கடனுக்கு 8.5% வட்டியில் 20 வருட இஎம்ஐ சுமார் 34,700. வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், பெயின்ட் என்று மாதம் 2,500 சேர்த்தால் 37,200. கையிலிருந்து போடும் 10 லட்சமும், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் 9% என்று போகும் 4.5 லட்சமும் இதில் சேரவில்லை. வாடகை வருடம் 5% ஏறினாலும் 20-ஆவது வருடத்தில் 30,300தான். அப்போதும் இஎம்ஐயைத் தொடாது.

அதற்காக வாடகைதான் லாபம் என்று முடித்துவிட முடியாது. வாடகையில் இருப்பவர் அந்த 14.5 லட்சத்தையும் மாதாமாதம் மிஞ்சும் வித்தியாசத்தையும் 7% வட்டியில் போட்டுக்கொண்டே வந்தால், 20 வருடத்தில் வரியைக் கழிக்காமல் ஏறக்குறைய 1.57 கோடி சேரும். வாங்கியவர் அவருக்குச் சமமாக நிற்க, வீட்டின் விலை வருடம் 6% அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். மனை நன்றாக ஏறினால் இது நடக்கும். பழசாகிக்கொண்டே போகும் ஃபிளாட்டில் எனக்கு அந்த நம்பிக்கை குறைவு. ஏறுவது நிலம், கட்டடம் அல்ல. அதே சமயம், மிஞ்சும் பணத்தைச் செலவழித்துவிடுகிற வாடகைக்காரரிடம் கடைசியில் ஒன்றும் இருக்காது. இஎம்ஐ கட்டாயச் சேமிப்பு என்பதால்தான் பல குடும்பங்களுக்கு அது ஒத்துவருகிறது.

ஐந்து வருடத்தில் மாற்றலாகிப் போகக்கூடியவர் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. 60 மாதத்தில் அவர் கட்டும் 20.8 லட்சத்தில் சுமார் 16 லட்சம் வட்டிக்கே போகும். கடன் இன்னும் 35 லட்சத்துக்கு மேல் நிற்கும். வட்டியும் பதிவுச் செலவும் மட்டும் மாதம் 34,000 ஆகிறது. அதே காலத்தில் வாடகை சராசரி 13,300தான்.

எல்லாவற்றையும் புரட்டிப்போடுவது வாடகை. விஐடி பக்கம் காட்பாடியில் மாணவர்கள் சேர்ந்து எடுப்பதாலோ, சிஎம்சிக்கு அருகில் இருப்பதாலோ அதே 50 லட்ச வீட்டுக்கு 18,000 வாடகை என்றால், விலை வருடம் 4.2% ஏறினாலே வாங்கியவர் சமமாகிவிடுவார். அதனால் விலை பேசும் முன், அதே தெருவில் அதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்று நாலு வீட்டில் விசாரியுங்கள். வருட வாடகை விலையில் 3% கூட வராவிட்டால் வாடகையிலேயே இருங்கள்; 4%-ஐத் தாண்டி, பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் வாங்கலாம்.